ஹாலுசிஜீனியாவைத் தலைகீழாக நிறுத்திவைத்தது எப்படி? கேம்பிரியன் புதைபடிவங்களை எவ்வளவு நம்பலாம்?

மலர்விழி_க

எல்லோருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். போன வாரம் பரிணாமம் நடத்தும்போது கேம்பிரியன் வெடிப்பைப் பற்றியும் கொஞ்சம் பேசினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "மிஸ், எலும்பும் ஓடும்தானே கல்லாகும்? புழு எப்படிக் கல்லாச்சு?" என்றான். களிமண்ணில் சீக்கிரம் புதைந்துவிட்டால் அழுகாது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். எனக்கே அந்தப் பதில் திருப்தியாக இல்லை.

அப்புறம் வீட்டில் வந்து தேடியபோது ஹாலுசிஜீனியா கதையைப் படித்தேன். கனடாவின் பர்ஜெஸ் ஷேலில் கிடைத்த சின்னப் பிராணி. 1977இல் சைமன் கான்வே மாரிஸ் அதை முள்ளின் மேல் நடக்கும் உயிராக வரைந்தார். 1991இல் அதைக் கவிழ்த்துப் போட்டு, முள் முதுகில் இருப்பது, காலென்று நினைத்தது கால் இல்லை என்றார்கள். 2015இல் திரும்பவும் ஒரு மாற்றம்: தலை என்று நினைத்த பக்கம் வால், வால் என்று நினைத்தது தலை.

என் சந்தேகம் இதுதான். ஓடு மட்டும் கிடைத்து உள்ளே என்ன இருந்தது என்று ஊகித்திருந்தால் தப்பு நடப்பது புரிகிறது. இங்கே முழு உடலும் கையில் இருக்கிறது. அப்படியும் மேல், கீழ், முன், பின் நான்கும் எப்படித் தவறிப்போகும்? முழு உடலையே இப்படிப் படித்திருந்தால், வெடிப்பு என்று சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

வானம்பாடி77

மேடம், வெடிப்பில் உயிர்கள் எல்லாம் அழிந்திருக்குமே, புதிதாக எப்படித் தோன்றும்? 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது அல்லவா இது? பூமியே அப்போது கிடையாது.

நேர்கோடு

அது பெருவெடிப்பு அண்ணா. இது வேறு. இங்கே எதுவும் வெடிக்கவில்லை, விலங்கு வகைகள் படிவங்களில் திடீரென்று நிறைய தென்படுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

மலர்விழி மேடத்துக்கு: என் கருத்து, கேம்பிரியன் வெடிப்பு என்பது கேமரா வாங்கிய தேதி. அதற்கு முன்னாலும் விலங்குகள் இருந்தன, மென்மையான உடம்பு என்பதால் பதிவாகவில்லை. ஓடு வந்ததும் பதிவாக ஆரம்பித்தன. பர்ஜெஸ் மாதிரி ஆக்சிஜன் இல்லாத சேற்றில் விழுந்தவை முழுசாகத் தங்கின. ஆக்சிஜன் இல்லை என்றால் அழுகாது. அவ்வளவுதான் விஷயம், இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

வானம்பாடி77

ஓ. மன்னிக்கவும். பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

வேதை_சேகர்

நான் படிப்பாளி இல்லை, வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கிறேன். தம்பி நேர்கோடு சொன்னது எனக்கு இடிக்கிறது.

குட்டையில் ஏரேட்டர் நின்று போனால் அடியில் காற்று சுத்தமாக இருக்காது. அடிச்சேறு கறுப்பாகிவிடும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். அந்தச் சேற்றில் செத்துக் கிடக்கும் இறாலை ஒருநாள் கழித்துத் தூக்கினால் தலை தனியாக வரும். மூன்றாம் நாள் பார்த்தால் உள்ளே கூழ், மேலே கண்ணாடிப் பேப்பர் மாதிரித் தோல். காற்று இல்லாத இடத்திலும் நன்றாகவே அழுகுகிறது. அப்படி இருக்க அந்தப் புழு மட்டும் ஐம்பது கோடி வருஷம் எப்படித் தாங்கியது?

கல்தச்சன்

சேகர், உங்கள் குட்டைதான் இந்த இழையின் மையம். நிலவியல் துறையில் முப்பது வருஷம் களிப்பாறைகளோடு இருந்தவன் நான், இப்போது ஓய்வு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் இல்லாவிட்டால் அழுகாது என்பது ரொம்ப நாள் எல்லோரும் நம்பியது. 1980களில் பீட்டர் ஆலிசன் இறாலையும் கடற்புழுவையும் ஆக்சிஜன் இல்லாத நீரில் வைத்துப் பார்த்தார். மென்திசு வாரக்கணக்கில் கூழானது. ஆக்சிஜன் இல்லாமையால் ஒரு நன்மை உண்டு: தின்ன வரும் நண்டு, தோண்ட வரும் புழு எதுவும் அங்கே வாழ முடியாது. ஆனால் பாக்டீரியாவுக்கு அது பெரிய தடை இல்லை.

அழுகிய முட்டை நாற்றம் எங்கிருந்து வருகிறது? கடல் நீரில் சல்பேட் நிறைய இருக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் சில பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டைப் பயன்படுத்தி உடலைத் தின்கின்றன, அதன் கழிவுதான் ஹைட்ரஜன் சல்பைடு. அந்த நாற்றம் வரும்வரை அழுகல் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆக, கேட்க வேண்டியது ஆக்சிஜனைப் பற்றி மட்டும் இல்லை. சல்பேட் எப்படிக் கிடைக்காமல் போனது என்பதுதான் கேள்வி.

2012இல் ராபர்ட் கெய்ன்ஸும் கூட்டாளிகளும் இதற்கு ஒரு விடை கொடுத்தார்கள். பர்ஜெஸ், சீனாவின் செங்ஜியாங் போன்ற இடங்களின் படுகைகளை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு சேற்று அடுக்கும் ஒரே வீச்சில் வந்து படிந்தது. அப்படி வந்த அடுக்கின் மேற்பரப்பில் சீக்கிரமே கால்சியம் கார்பனேட் ஒரு சிமெண்ட் பூச்சு போல இறுகியிருக்கிறது. மேலே கடல், கீழே உடல், நடுவில் மூடி. கடலிலிருந்து புதுச் சல்பேட் கீழே இறங்க வழியில்லை. கேம்பிரியன் கடலிலேயே சல்பேட் இன்றைய அளவுக்கு இல்லை என்பதும் சேர்ந்துகொண்டது. உள்ளே இருந்த கொஞ்சம் தீர்ந்ததும் பாக்டீரியா பட்டினி. படிவத்தைச் சுற்றியுள்ள கந்தக ஐசோடோப்புகளும் அழுகல் தொடங்கிச் சீக்கிரம் நின்றதையே காட்டுகின்றன.

நின்றது என்பதைக் கவனியுங்கள். அழுகலே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மலர்விழியின் கேள்விக்குப் பதில் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மலர்விழி_க

ஐயா, அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? பள்ளிப் புத்தகத்தில் "நிலச்சரிவு" என்று ஒரே வார்த்தை.

கல்தச்சன்

பிரிட்டிஷ் கொலம்பியாவில், இன்று யோஹோ தேசியப் பூங்கா இருக்கும் மலைமுகட்டில், வாப்டா மலைக்கும் ஃபீல்ட் மலைக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் குழி. 1909 ஆகஸ்ட் முடிவில் ஸ்மித்சோனியனின் சார்ல்ஸ் வால்காட் அங்கே முதல் கற்களைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் போய் அறுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்து வந்தார். அவர் தோண்டிய முக்கியப் படுகையின் தடிமன் இரண்டு மீட்டரைச் சுற்றித்தான்.

அன்று அது ஒரு கடலடிச் சுண்ணாம்புச் சுவரின் கால்மாட்டில் இருந்த சேற்றுத்தரை. அவ்வப்போது சேறு நீரோடு கலந்து ஒரு மேகம் மாதிரிச் சரிந்து வந்தது. வழியில் இருந்தவற்றை அள்ளிக்கொண்டு வந்து அடியில் போட்டது. இதற்குச் சாட்சி அந்தப் பிராணிகளே. சில பக்கவாட்டில், சில குப்புற, சில சாய்ந்து, சில தலை கீழே போய்க் கிடக்கின்றன. அமைதியான தரையில் செத்து விழுந்த பிராணி பெரும்பாலும் ஒரே மாதிரிக் கிடக்கும். இவை சேற்றுக்குள் உருண்டு வந்திருக்கின்றன.

1960களின் கடைசியிலிருந்து கேம்பிரிட்ஜில் ஹாரி விட்டிங்டன் இதையே தன் கருவியாக்கினார். ஒரே இனத்தின் மேற்பார்வை, பக்கப் பார்வை, முன்பார்வை எல்லாம் வெவ்வேறு கற்களில் கிடைத்தன. அவற்றைச் சேர்த்து முப்பரிமாண உருவத்தை வரைந்தார்.

தேவகி_எம்

நான் சிதைவுச் சோதனைகளில் முனைவர் ஆய்வு செய்கிறேன். கல்தச்சன் ஐயா சொன்னதில் ஒன்றிரண்டு இடங்களில் கை வைக்க வேண்டும்.

முதலில் உருண்டு வந்தது. 2021இல் ஒரு குழு, வட்டவடிவ நீரோட்டத் தொட்டியில் கடற்புழுக்களைச் சேற்று நீரோடு சுழற்றிப் பார்த்தது. புதிதாக இறந்த புழு நெடுந்தூரம் போயும் பெரிதாகச் சிதையவில்லை. அதாவது முழு உடல் கிடைத்தது என்பதால் "அருகில்தான் வாழ்ந்தது" என்று முடிவுகட்ட முடியாது. வேறு ஆழத்தில் வாழ்ந்தவையும் ஒரே அடுக்கில் சேர்ந்திருக்கலாம். அந்தக் காலத்துக் கடலின் சமூகப்படம் என்று பர்ஜெஸை வரையும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது சிமெண்ட் மூடி. மூடி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களிமண்ணின் பங்கை ஐயா விட்டுவிட்டார். கயோலினைட் மாதிரிச் சில களிமண்கள் கடல் பாக்டீரியாவின் வளர்ச்சியை மட்டுப்படுத்துவது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. பர்ஜெஸ் வகைப் படிவங்கள் உள்ள பாறைகளில் அந்தக் குடும்பக் கனிமங்கள் கூடுதலாகக் காணப்படுவதும் 2018இல் வெளிவந்தது. வெறும் மூடிதான் என்றால் உள்ளே இருக்கும் சல்பேட் தீரும்வரை என்ன ஆகும்? அந்த முதல் சில நாட்களைத் தாண்ட வைப்பது எது? எனக்கு அது களிமண் என்றே தோன்றுகிறது.

கல்தச்சன்

களிமண் இல்லாமல் இல்லை அம்மா. ஆனால் பர்ஜெஸ் ஷேல் பிற்பாடு பூமிக்குள் நன்றாக வெந்த பாறை. இன்று அதில் காணும் களிக்கனிமம் அன்று இருந்ததா, வெப்பத்தில் மாறியதா என்று பிரிப்பது சுலபமில்லை. படிவத்தின் மேல் பளபளக்கும் அலுமினியம் கலந்த படலம் பிந்திய வெப்பத்தில் உண்டானது என்ற வாதமும் உண்டு. படத்தில் தெரியும் கனிமத்தையெல்லாம் பாதுகாத்தவன் கணக்கில் எழுதக்கூடாது.

தேவகி_எம்

படலத்தைப் பற்றிச் சரி. சுற்றியுள்ள பாறையின் களிமண்ணைப் பற்றி நான் பேசியது. செங்ஜியாங் அவ்வளவு வேகவில்லை. அதைத் தனியாகப் பார்க்கலாம்.

நேர்கோடு

சரி, ஆக்சிஜன் மட்டும் போதாது, ஒப்புக்கொள்கிறேன். சேகர் அண்ணாவிடம் தோற்றதில் வருத்தம் இல்லை. ஆனால் மேடம் கேட்டது ஹாலுசிஜீனியா. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

தேவகி_எம்

சொல்கிறேன். ஒரு கல்லை மனதில் வையுங்கள். கறுஞ்சாம்பல் நிறம், உள்ளங்கை அளவு. நடுவில் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய கறை. நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. விளக்கைத் தாழ்வாகச் சாய்த்தால் திடீரென்று வெள்ளிபோல் மின்னும். தண்ணீரில் நனைத்தும் படம் எடுப்பார்கள். எலும்பு மாதிரிப் புடைத்து நிற்கும் படிவம் இல்லை, கரிப்படலம். அவ்வளவு தட்டை.

இதில் ஏழு ஜோடி நீண்ட முள் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் முள் கடினமானது. எதிர்ப்பக்கம் மெல்லிய குழாய்போன்ற நீட்சிகள், அவை ஒரே வரிசையாகத்தான் தெரிந்தன. உடலின் ஒரு முனையில் ஒரு பெரிய உருண்டைக் கறை. இப்போது நீங்களே சொல்லுங்கள், கடினமான ஜோடி ஜோடியான முள் ஒருபக்கம், ஒற்றை வரிசை மெல்லிய நீட்சி மறுபக்கம், உருண்டை ஒரு முனையில் என்றால் எப்படி வரைவீர்கள்? முள்ளைக் கால் என்றும் உருண்டையைத் தலை என்றும்தான். கான்வே மாரிஸ் 1977இல் வரைந்தது முட்டாள்தனம் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததை ஒழுங்காகப் படித்தார். அதற்கு முன் வால்காட் இதை ஒரு கடற்புழு என்று வேறொரு பேரினத்தில் சேர்த்திருந்தார், அதையும் அவர்தான் பிரித்தெடுத்தார்.

மலர்விழி_க

அப்படி என்றால் இரண்டாவது வரிசை எங்கே போனது?

தேவகி_எம்

கல்லுக்குள்.

உயிர் சேற்றோடு உருண்டு வரும்போது சேறு கால்களுக்கு இடையிலும் புகுந்துவிடும். பிறகு எல்லாம் அமுங்கித் தட்டையாகிறது. இடது வரிசை ஒரு மெல்லிய தளத்தில், வலது வரிசை அதற்கு அடியில் இன்னொரு தளத்தில். கல்லைப் பிளக்கும்போது பிளவு ஒரு தளத்தில்தான் ஓடும். மறுவரிசை கல்லுக்குள்ளேயே இருந்துவிடும். அதை வெளியில் கொண்டுவர ஊசிமுனைக் கருவியால் மேலே இருக்கும் துளிக் கல்லைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

1991இல் ஸ்வீடனின் லார்ஸ் ராம்ஸ்கோல்டும் சீனாவின் ஹௌ சியாங்குவாங்கும் செங்ஜியாங்கிலிருந்து வந்த மைக்ரோடிக்டியானைப் பார்த்தார்கள். அது ஹாலுசிஜீனியாவின் உறவு. அங்கே ஜோடிக்கால் தெளிவாகத் தெரிகிறது, கடினமான தகடு முதுகுப்பக்கம். அதை வைத்து ஹாலுசிஜீனியாவைக் கவிழ்த்தார்கள். அடுத்த ஆண்டு ராம்ஸ்கோல்ட் ஒரு மாதிரியைச் சுரண்டிப் பார்த்து, ஒளிந்திருந்த இரண்டாவது கால் வரிசையைக் காட்டினார். இதில் எனக்குப் பிடித்தது வரிசைதான். முதலில் உறவுக்காரனைப் பார்த்து ஊகம், பிறகு அந்த ஊகம் சொன்ன இடத்தில் தோண்டினால் கால்.

வேதை_சேகர்

அந்த உருண்டை?

தேவகி_எம்

அதற்குத்தான் வருகிறேன் அண்ணா, உங்கள் இறாலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. செத்த இறாலைக் காலால் மிதித்தால் என்ன ஆகும்?

வேதை_சேகர்

உள்ளே இருப்பது பின்பக்கமாகவோ கழுத்து இணைப்பிலோ பீய்ச்சிக்கொண்டு வரும்.

தேவகி_எம்

அதேதான். சேற்றின் எடை மிதித்தது. 2015இல் மார்ட்டின் ஸ்மித்தும் ழான் பெர்னார் கேரனும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்த உருண்டை உடலின் உறுப்பே இல்லை என்று தெரிந்தது. அழுகிய உடலின் திரவமோ குடலில் இருந்ததோ பின்முனை வழியாகப் பிதுங்கிக் கறையாகி இருக்கிறது. அப்படி என்றால் தலை மறுமுனையில். அங்கே உற்றுப் பார்த்தார்கள். இரண்டு எளிய கண், வாயைச் சுற்றி வளையமாகப் பற்கள், தொண்டைக்குள்ளும் ஊசிபோல் பற்கள்.

இந்த மாதிரிப் பிதுங்கலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்பீர்கள். ஓர் உறுப்பு என்றால் எல்லா மாதிரியிலும் ஒரே இடத்தில், ஒரே விகிதத்தில், திட்டமான விளிம்போடு இருக்க வேண்டும். கறை என்றால் அளவு மாறும், விளிம்பு மங்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. பர்ஜெஸில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் மரெல்லாவிலும் உடலுக்கு வெளியே இப்படி ஒரு கறுங்கறை உண்டு. அதை யாரும் தலை என்று சொல்லாததற்குக் காரணம், மரெல்லாவுக்குத் தலை தெளிவாகத் தெரிவதுதான்.

கல்தச்சன்

நன்றாகச் சொன்னீர்கள். ஒன்று சேர்க்கிறேன். கறையைக் கொண்டே எவ்வளவு அழுகியிருந்தது என்றும் ஓரளவு சொல்லலாம். பிதுங்குவதற்கு உள்ளே திரவமாகி இருக்க வேண்டும். அழுகல் தொடங்கி, பாதியில் நின்றது என்று நான் மேலே எழுதியதற்கு அந்தக் கறையே சாட்சி.

அரியலூரான்

நானும் ஒன்று கேட்கலாமா? எங்கள் ஊர்ப்பக்கம் ஓடையில் சுண்ணாம்புக் கல் நிறையக் கிடைக்கும். அதில் சுருள் சிப்பி பார்த்திருக்கிறேன். போன மாதம் ஒரு தட்டைக் கல்லைப் பிளந்தபோது பெரணி இலை மாதிரிக் கறுப்பாக, கிளை கிளையாக ஒன்று. இதுவும் உங்கள் கரிப்படலம்தானா? கேம்பிரியனாக இருக்குமா?

கல்தச்சன்

அரியலூர்ப் படுகைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை. பர்ஜெஸைவிட நாற்பது கோடி ஆண்டுகள் இளையவை. நீங்கள் பார்க்கும் சுருள் சிப்பி அம்மோனைட்டாக இருக்கலாம், அது நல்ல பொருள். இந்தியாவில் கேம்பிரியன் பார்க்க ஆசை என்றால் இமயத்தில் ஸ்பிதி பக்கம் போக வேண்டும், அங்கே ட்ரைலோபைட்டுகள் உண்டு.

பெரணி இலையைப் பற்றி: ஒவ்வொரு கிளையும் மேலும் கிளைத்து, நுனிக்குப் போகப் போகச் சிறுத்து, நடுநரம்பு இல்லாமல், கல்லின் விரிசல் விளிம்பிலிருந்து உள்ளே பரவுகிறதா? அப்படி என்றால் அது மாங்கனீஸ். விரிசலில் நீர் ஊறி உலர்ந்து வரைந்தது. உயிரே இல்லை. கல்லின் ஓரத்தில் தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அரியலூரான்

ஓரத்தில்தான் தொடங்குகிறது. போச்சு. வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன்.

தேவகி_எம்

மாட்டியே வையுங்கள் அண்ணா, அழகான பொருள்தான். நிபுணர்களே ஏமாந்திருக்கிறார்கள். பீம்பெட்கா குகைச் சுவரில் டிக்கின்சோனியா என்ற கேம்பிரியனுக்கு முந்திய உயிரின் தடம் இருப்பதாக 2021இல் கட்டுரை வந்தது. பத்திரிகைகளும் எழுதின. 2023இல் வேறொரு குழு போய்ப் பார்த்தபோது அது மலைத்தேனீ கட்டிய தேன்கூட்டின் எச்சம். இடையில் அது சுவரிலிருந்து உதிரவும் ஆரம்பித்திருந்தது. ஐம்பத்தைந்து கோடி ஆண்டுப் படிவம் இரண்டு வருஷத்தில் உதிராது.

நேர்கோடு

சிரித்துவிட்டேன். சரி, என் முதல் கருத்துக்கு வருகிறேன். அழுகலும் பதிவும் இவ்வளவு தற்செயலானவை என்றால் என் வாதம் இன்னும் வலுக்கிறதே. கேம்பிரியனுக்கு முன்னால் இப்படிப்பட்ட மூடியும் களிமண்ணும் அமையவில்லை, அதனால் தெரியவில்லை. வெடிப்பு பதிவின் மாயை.

கல்தச்சன்

பாதி சரி. ட்ரைலோபைட் சுமார் 52.1 கோடி ஆண்டுக்கு முன் திடீரென்று தென்படுவதும், அதன் ஓடு தாதுவேறியதும் சம்பந்தப்பட்டவை. அதன் முன்னோர் ஓடில்லாமல் கொஞ்சகாலமாவது இருந்திருக்கும். அந்த அளவுக்குப் படம் எடுக்காத காலம் உண்டு.

ஆனால் உங்கள் வாதத்தைச் சோதிக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று தடங்கள். புழு அழுகிப்போனாலும் அது ஊர்ந்த தடமும் குடைந்த துளையும் சேற்றில் நிற்கும், அதற்கு மூடியும் வேண்டாம், சல்பேட் கணக்கும் வேண்டாம். கேம்பிரியனின் தொடக்கக் கோட்டையே அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள். நியூஃபவுண்ட்லாந்தில் ஃபார்ச்சூன் ஹெட் என்ற கடற்கரைப் பாறையில், ட்ரெப்டிக்னஸ் பெடம் என்ற கிளைத்த குடைவுத்தடம் தோன்றும் மட்டம், சுமார் 53.9 கோடி ஆண்டு. அதற்குக் கீழே பெரும்பாலும் மேற்பரப்பில் நெளிந்த எளிய கோடுகள். மேலே போகப் போகக் குடைவு ஆழமாகிறது, கிளைக்கிறது, கால் வைத்த கீறல்கள் வருகின்றன. பதிவு மாயை என்றால் தடமும் அன்றுதான் ஏன் மாற வேண்டும்?

இரண்டாவது, நீங்கள் சொன்ன கேமராவே முன்னாலும் இருந்தது. சீனாவில் மியாவ்ஹே, லாண்டியன் ஆகிய இடங்களில் கேம்பிரியனுக்கு முந்திய களிப்பாறைகள் இதே கரிப்படலப் பாணியில் உயிர்களைக் காத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் கடற்பாசி. கணுக்காலி ஒன்றுகூட இல்லை. 2018இல் ஆலிசன் டேலியும் கூட்டாளிகளும் இதை வைத்துத்தான் வாதிட்டார்கள்: படம் எடுக்கும் வசதி இருந்தும் ஆள் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்றே கொள்ளலாம்.

நேர்கோடு

மரபணு வேறுபாடுகளை வைத்துக் காலம் கணிக்கும் மூலக்கூறுக் கடிகாரம் விலங்குகளின் பிரிவை அதைவிட வெகு முன்னால் கொண்டுபோகிறதே?

கல்தச்சன்

கொண்டுபோகிறது. அந்த இடைவெளி இன்னும் மூடவில்லை. சின்னதாக, குறைவாக, எங்கோ ஒளிந்து இருந்தார்கள் என்பது ஒரு பதில். கடிகாரம் வேகமாக ஓடியது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதில் சாய்வு, ஆனால் நான் பாறைக்காரன், என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேவகி_எம்

நான் முதலாவதில். ஆனால் ஐயாவின் சீன உதாரணத்தில் எனக்கு ஒரு நெருடல். பாசியின் செல்சுவரும் விலங்கின் மெல்லிய தோலும் ஒரே வேகத்தில் அழுகுவதில்லை. பாசி தங்கிய இடத்தில் விலங்கும் தங்கியிருக்கும் என்பது உறுதியில்லை.

மலர்விழி அக்காவின் "எவ்வளவு நம்பலாம்" என்பதற்கு என் துறையிலிருந்து ஒன்று. 2010இல் ராபர்ட் சான்சம், சாரா காபட், மார்க் பர்னெல் மூவரும் ஆம்பியாக்சஸையும், லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனின் லார்வாவையும் அழுகவிட்டு நாள் கணக்கில் குறித்தார்கள். உங்கள் மாணவர்களுக்கு ஆம்பியாக்சஸ் தெரியும். எது முதலில் போகிறது என்று பார்த்தால், இது இன்ன குடும்பம் என்று அடையாளம் சொல்லும் நுட்பமான உறுப்புகள்தான் முதலில் போகின்றன. முதுகுநாண், தசைப் பட்டைகள் மாதிரிப் பழைய பொதுவான அமைப்புகள் கடைசிவரை இருக்கின்றன. ஆக, பாதி அழுகிய லாம்ப்ரே பார்ப்பதற்கு அதைவிட எளிய, பழைய முதுகுநாணி போல மாறிவிடும். கேம்பிரியனில் கிடைக்கும் மீன் போன்ற உயிர்களை "முன்னோர்" என்று எளிதில் தரையில் உட்கார வைப்பதற்கு முன்னால், அது உண்மையில் எளியதா, அழுகி எளியதாகிவிட்டதா என்று கேட்க வேண்டும். ஒரு உறுப்பு இல்லை என்பதை நம்ப, அதைவிட வேகமாக அழுகும் உறுப்பு அதே மாதிரியில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் இல்லாமை உண்மை. இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வேன்.

மலர்விழி_க

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பையனிடம் இறாலில் இருந்து ஆரம்பிக்கப்போகிறேன். சேகர் அண்ணா, உங்களைப் பெயர் சொல்லலாமா?

வேதை_சேகர்

சொல்லுங்கம்மா. நான் வேறொரு வேலை பண்ணியிருக்கிறேன். போன வாரம் ஒரு வாளியில் ஓடைக் களிமண்ணைக் கரைத்து ஊற்றி, செத்த வனாமி இறால் நான்கை அதற்குள் போட்டு, மேலே இன்னும் களி ஊற்றி மூடிவைத்தேன். பக்கத்து வாளியில் ஆற்று மணல், அதிலும் நான்கு. இரண்டிலும் குட்டைத் தண்ணீர்தான். சுண்ணாம்பு போடலாமா என்று யோசித்தேன்.

கல்தச்சன்

சுண்ணாம்பு வேண்டாம், அது தண்ணீரின் காரத்தையே மாற்றி எல்லாவற்றையும் கெடுக்கும். பர்ஜெஸ் மூடி மெல்ல இறுகியது, கொட்டியது இல்லை. எத்தனை நாள் ஆயிற்று?

வேதை_சேகர்

இன்றோடு ஒன்பது. காலையில் திறந்தேன். மணல் வாளி கிட்டே போக முடியவில்லை, வீட்டில் திட்டு. அதில் ஓட்டுத் துண்டுகள் மட்டும். களி வாளியிலும் நாற்றம் இருக்கிறது, ஆனால் குறைவு. தட்டைக் கத்தியால் மெல்லச் சீவினேன். இரண்டு இறால் உருவம் கலையாமல் இருந்தது. சதை இல்லை, கறுத்த பசை. ஒன்றில் வயிற்றுப்பக்கத்திலிருந்து அந்தப் பசை வெளியே வந்து ஓர் உருண்டையாக நின்றது. தேவகி சொன்ன கறை ஞாபகம் வந்தது. கண் இரண்டும் மட்டும் அப்படியே கறுப்புப் புள்ளியாக இருந்தன.

தேவகி_எம்

கண்ணின் நிறமி கடைசியில் போகும் பொருள்களில் ஒன்று அண்ணா. ஹாலுசிஜீனியாவின் கண்ணையும் தேடியவர்கள் கண்டுபிடித்தது அப்படித்தான், இரண்டு சின்னக் கறுப்புக் கறை. மீதி இரண்டு இறாலைத் திறக்காமல் இன்னும் ஒரு மாதம் வைக்க முடியுமா? மூடியைத் தொட வேண்டாம்.

வேதை_சேகர்

வைக்கிறேன். வாளியை மட்டும் வீட்டைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும்.